பதினோரு மிஸ்டு கால்

சாயந்திரம் ஆறு மணிக்கு நடக்கக் கிளம்பினால் ஏழேகாலுக்கு வீட்டுக்கு வந்துவிடுவது என் வழக்கம். 2019 ஜனவரியில் ஒரு நாள், பழைய ஒர்க்‌ஷாப் நண்பர் ஒருவரை வழியில் பார்த்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஏழரைக்கு மனைவியிடமிருந்து போன் வந்தது. 'வந்துகிட்டுதானே இருக்கோம், எதுக்கு எடுக்கணும்' என்று விட்டுவிட்டேன். ஐந்து நிமிஷத்தில் மறுபடி. மூன்றாவது தடவை அடித்தபோது நண்பர் முன்னால் ஒரு மாதிரியாக இருந்தது. போனைச் சத்தமில்லாமல் வைத்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். எட்டரை மணிக்கு எடுத்துப் பார்த்தால் பதினோரு மிஸ்டு கால்.

அதைப் பார்த்ததும் 'பாவம், பயந்திருப்பாளே' என்று எனக்குத் தோன்றவில்லை. 'இதோ, போனவுடனே ஆரம்பிக்கும்' என்றுதான் தோன்றியது. உண்மையைச் சொல்கிறேன், அன்று வேண்டுமென்றே இன்னும் மெதுவாக நடந்தேன்.

கேட்டருகிலேயே நின்றாள். "எங்க போனீங்க? போனை எடுக்க என்ன?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றேன். "பதினோரு தடவை அடிச்சிருக்கேன், ஒண்ணுமில்லையா?" பதில் சொல்லாமல் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். கதவுக்கு வெளியே நின்று பேசினாள். சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன். டிவியை நிறுத்தினாள். தலையணையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். மாடிப்படி வரைக்கும் வந்து, 1984-இல் என் தங்கை கல்யாணத்துக்கு அவளைக் கேட்காமல் நான் கடன் வாங்கியதிலிருந்து தொடங்கினாள். "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். அழுதுகொண்டே இறங்கிப் போனாள்.

அடுத்த மூன்று நாள் அவள் பேசவில்லை. சாப்பாடு மேஜைக்கு வரும், பேச்சு வராது. நான்காம் நாள் மார்க்கெட்டிலிருந்து இரண்டு முழம் மல்லிகைப்பூவும் அவளுக்குப் பிடித்த முள்ளுக்கத்திரிக்காயும் வாங்கி வந்து, ஒன்றும் பேசாமல் அடுப்படி மேடையில் வைத்தேன். அன்று மாலை காபி கொஞ்சம் திக்காக வந்தது. சமாதானம் ஆகிவிட்டது என்று அர்த்தம். எதற்குச் சண்டை வந்தது என்று இருவரும் பேசவில்லை. பத்துப் பதினைந்து நாள் நன்றாகப் போனது. பிறகு மறுபடி முதலிலிருந்து.

எங்களுக்குக் கல்யாணம் ஆனது 1979-இல். நாற்பது வருஷமாக இதே சக்கரம்தான். பேச்சு மட்டும் மாறும்: ஒரு காலத்தில் தங்கை கடன், ஒரு காலத்தில் பையன் படிப்பு, பிறகு வீட்டு மராமத்து. அவள் துரத்துவாள், நான் ஓடுவேன். அவள் களைத்து நின்றுவிடுவாள், நான் மெதுவாகத் திரும்பி வருவேன். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலையில் இருந்தவரை இது பெரிதாகத் தெரியவில்லை. காலையில் கிளம்பிப் போய்விடலாம், மனசு சரியில்லை என்றால் ஓவர்டைம் எழுதிக்கொள்ளலாம். 2012-இல் ஓய்வு பெற்ற பிறகு ஓடுவதற்கு மொட்டை மாடி ஒன்றுதான் மிச்சம்.

இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் அந்த ஜனவரிச் சண்டை இல்லை. அதற்கு அடுத்த மாதம் நடந்தது.

பிராஸ்டேட் சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனையில் அளவு கூடுதலாக இருந்தது. புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், துணைக்கு ஒருவரைக் கூட்டி வாருங்கள் என்று டாக்டர் சொன்னார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த டீக்கடை நண்பரைக் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டில், 'பென்ஷன் சம்பந்தமா ஒரு வேலை இருக்கு' என்றேன். இரண்டு மூன்று நாள் சிறுநீரில் ரத்தம் கலந்து போனது. அதையும் சொல்லவில்லை. முடிவு வர பத்து நாள் ஆனது. அந்தப் பத்து ராத்திரியும் பக்கத்தில் அவள் தூங்க, நான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்தது. அப்பாடா என்று காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தவன், மறுநாள் அந்தச் சட்டையைத் துவைக்கப் போட்டுவிட்டேன்.

காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். வழக்கம்போல் கத்துவாள் என்று தயாராக இருந்தேன். கத்தவில்லை.

"உங்க கூட யார் வந்தா?"

நண்பரின் பேரைச் சொன்னேன்.

"சரி" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் காலை பையில் நான்கு புடவையை எடுத்து வைத்துக்கொண்டு கரூரில் உள்ள தங்கை வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். "எப்ப வருவ?" என்று கேட்டேன். "தெரியலைங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

முதல் இரண்டு நாள், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நிம்மதியாக இருந்தது. எங்கே போகிறாய் என்று கேட்க ஆளில்லை. மூன்றாம் நாள் சாயந்திரம் ஏழரைக்கு என்னையறியாமல் போனை எடுத்துப் பார்த்தேன். ஒரு அழைப்பும் இல்லை. நானே அடித்தேன். எடுக்கவில்லை. ஒரு நிமிஷம் விட்டு மறுபடி அடித்தேன். 'பாத்ரூமில் இருப்பாளோ', 'போனைப் பார்த்துவிட்டே எடுக்காமல் இருக்கிறாளோ', 'ஒருவேளை உடம்புக்கு ஏதாவதோ' என்று மனசு ஓடியது. எட்டு மணிக்குள் ஏழு தடவை அடித்திருந்தேன். அப்போதுதான், அறுபத்தேழு வயதில், பதினோரு மிஸ்டு கால் என்றால் அடிப்பவருக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்தது.

என்னோடு காலையில் நடக்க வருபவர்களில் கல்லூரியில் உளவியல் நடத்தி ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் உண்டு. வீட்டு விஷயத்தை வெளியே சொல்லாதவன் நான். அன்று என்னமோ அவரிடம் கொட்டிவிட்டேன். அவர் புத்தி சொல்லவில்லை. "சார், இதுக்கு ஒரு படமே போட்டு வச்சிருக்காங்க" என்று சொல்லி, பூங்கா பெஞ்சில் உட்கார வைத்து இரண்டு மூன்று காலைகளில் விளக்கினார். எனக்குப் புரிந்த அளவில் அதை எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் ஜான் பவுல்பி என்று ஒரு மனநல மருத்துவர். 1907-இல் பிறந்தவர். வசதியான வீட்டுப் பிள்ளை. ஆனால் அந்தக் கால வழக்கப்படி, வளர்த்தது ஆயாதான். அந்த ஆயா, அவருக்கு நான்கு வயது ஆகும் முன்பே வேலையை விட்டுப் போய்விட்டாள். பிறகு விடுதிப் பள்ளி. குழந்தைக்குச் சோறு எப்படித் தேவையோ, பயம் வந்தால் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ள ஒரு ஆள் இருப்பதும் அப்படியே தேவை என்பதுதான் அவர் ஆயுள் முழுக்கச் சொன்ன விஷயம். அதற்கு ஆங்கிலத்தில் அட்டாச்மென்ட் என்று பேர். நாம் பிணைப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

அவரோடு வேலை செய்த மேரி ஐன்ஸ்வர்த் என்ற அம்மையார், உகாண்டா கிராமங்களில் தாய்மாரையும் குழந்தைகளையும் கவனித்துப் பார்த்தவர். பிறகு அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் ஒரு சோதனை வைத்தார். ஒரு வயதுக் குழந்தையும் தாயும் பொம்மைகள் உள்ள அறையில் இருப்பார்கள். அறிமுகமில்லாத ஒரு பெண் வருவாள். தாய் மூன்று நிமிஷம் வெளியே போவாள், திரும்பி வருவாள். இன்னொரு தடவையும் அப்படிப் போய் வருவாள். குழந்தை ரொம்ப அழுதால் அதற்குள்ளேயே வந்துவிடுவாள். தாய் போகும்போது குழந்தை என்ன செய்கிறது என்பதைவிட, திரும்பி வரும்போது என்ன செய்கிறது என்பதைத்தான் முக்கியமாகப் பார்த்தார்கள்.

பெரும்பாலான குழந்தைகள் அழுதன. தாய் வந்து தூக்கியதும் அடங்கி, மறுபடி விளையாடப் போய்விட்டன. சில குழந்தைகள் தாய் வந்த பிறகும் அடங்கவில்லை. தூக்கச் சொல்லிக் கையை நீட்டும், தூக்கினால் உதைக்கும். விட்டால் மறுபடி போய்விடுவாளோ என்ற பதற்றம். இன்னும் சில குழந்தைகள் தாய் போனதையும் கண்டுகொள்ளவில்லை, வந்ததையும் கண்டுகொள்ளவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு பொம்மையைத் தட்டிக்கொண்டிருந்தன. முதல் வகை நிலையான பிணைப்பு, அடுத்தது பதற்றப் பிணைப்பு, மூன்றாவது விலகும் பிணைப்பு.

"மூணாவது பிள்ளைதான் நான்" என்றேன் பேராசிரியரிடம். "சமத்துப் பிள்ளை, யாரையும் தொந்தரவு பண்ணாது."

அவர் சிரித்துவிட்டு ஒன்று சொன்னார். அதுதான் என்னை உலுக்கியது. பின்னால் 1970-களில், அந்தக் கண்டுகொள்ளாத குழந்தைகளுக்கு இதயத் துடிப்பை அளந்து பார்த்தார்களாம். முகம் அமைதியாக இருக்கிறது, கை பொம்மையைத் தட்டுகிறது, ஆனால் நெஞ்சு அழுகிற குழந்தையைப் போலவே வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் குழந்தைக்கும் பயம்தான். காட்டினால் பயனில்லை என்று அதற்குள் கற்றுக்கொண்டுவிட்டது.

கூரையைப் பார்த்துக்கொண்டு நான் படுத்திருந்த பத்து ராத்திரிகள் எனக்கு ஞாபகம் வந்தன.

இது குழந்தைகளோடு முடிவதில்லை என்று 1987-இல் ஹசான், ஷேவர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் கேள்வித்தாள் வெளியிட்டு, காதலில் உங்கள் சுபாவம் இந்த மூன்றில் எது என்று பெரியவர்களைக் கேட்டார்கள். பாதிக்குச் சற்று மேலானவர்கள் நிலையான வகை, கிட்டத்தட்ட கால்வாசிப் பேர் விலகும் வகை, மீதி ஐந்தில் ஒரு பங்கு போலப் பதற்ற வகை என்று பதில் வந்தது. குழந்தைகளிடம் பார்த்ததும் ஏறக்குறைய இந்தக் கணக்குதான்.

விலகுகிற ஒருவரும் பதறுகிற ஒருவரும் ஒரே வீட்டில் குடும்பம் நடத்தினால் என்ன ஆகும்? அதற்குத்தான் பேராசிரியர் மணலில் குச்சியால் வட்டம் போட்டுக் காட்டினார். அவளுக்குப் பயம் வந்தால் மருந்து, நெருங்கி வருவது. கேட்பது, கூப்பிடுவது, பதில் வரும்வரை விடாமல் இருப்பது. எனக்குப் பயம் வந்தால் மருந்து, தள்ளிப் போவது. அவள் மருந்து சாப்பிட்டால் எனக்கு நோய் கூடுகிறது. நான் என் மருந்தைச் சாப்பிட்டால் அவளுக்கு நோய் கூடுகிறது. நோய் கூடக் கூட இருவரும் மருந்தின் அளவைக் கூட்டுகிறோம். மூன்று போன் பதினொன்றாவது அப்படித்தான். குளியலறை போதாமல் மொட்டை மாடிக்குப் போனதும் அப்படித்தான்.

வட்டத்துக்கு ஆரம்பம் கிடையாது என்பதுதான் இதில் உள்ள சிக்கல். 'அவள் நச்சரிப்பதால் நான் ஒதுங்குகிறேன்' என்று நான் நாற்பது வருஷம் நம்பினேன். 'இவர் ஒதுங்குவதால் நான் கேட்கிறேன்' என்று அவள் நம்பினாள். இரண்டும் உண்மை. அதனால் யார் முதலில் நிறுத்த வேண்டும் என்று பஞ்சாயத்து வைத்தால் தீர்ப்பே வராது.

ஒர்க்‌ஷாப்பில் டீசல் எஞ்சினில் இப்படி ஒன்று பார்த்திருக்கிறேன். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் சரியாக இல்லை என்றால், எஞ்சின் வேகம் ஏறும், இறங்கும், ஏறும், இறங்கும். ஹண்டிங் என்போம். வேகம் குறைந்ததும் கவர்னர் தேவைக்கு மேல் டீசலைத் தரும், கூடியதும் தேவைக்கு மேல் குறைக்கும். எஞ்சினில் கோளாறு இருக்காது, டீசலிலும் இருக்காது. திருத்துகிற வேகத்தில்தான் கோளாறு. அதற்கு ஒரு சின்ன ஊசி வால்வு இருக்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, திருத்தத்தை நிதானப்படுத்தினால் எஞ்சின் ஒரே சீராக ஓடும். பேராசிரியர் வட்டம் போட்டதும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் ஊசி வால்வு எங்கே இருக்கிறது?

கரூருக்குப் போனேன். அவள் போய்ப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு போகவில்லை. பூ வாங்கினால் பேச வேண்டியதில்லை என்று மனசு சமாதானம் ஆகிவிடும் என்பது எனக்குத் தெரியும்.

கொழுந்தியா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரி விஷயத்தை முதலிலிருந்து சொன்னேன். "எனக்குப் பயமா இருந்துச்சு. உங்கிட்ட சொன்னா உன் பயத்தையும் சேர்த்து நான் தாங்கணுமேன்னு இருந்துச்சு" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து 'எனக்குப் பயமா இருந்துச்சு' என்று நான் அவளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "நான் என்ன கேட்டேன்? உங்க கூட ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்திருக்கணும்னுதானே?" என்றாள். அப்புறம் இன்னொன்றும் சொன்னாள். அவளுடைய அப்பா ரயில்வே கார்டு. எந்த ராத்திரி வருவார் என்று சொல்ல முடியாது. வந்தால் சில நாள் தோளில் தூக்கிக் கொஞ்சுவார், சில நாள் கிட்டே வராதே என்று விரட்டுவார். ஐந்து வயதில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாளாம். "இன்னைக்கு எந்த அப்பா வருவாருன்னு தெரியாது. நீங்க போனை எடுக்கலேன்னா எனக்கு அந்த ஜன்னல்தான் ஞாபகம் வருது" என்றாள். நாற்பது வருஷத்தில் இதை நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. 'ஏன் எடுக்கலை' என்ற கேள்விக்குள்ளேயே அது ஒளிந்துகொண்டிருந்தது.

என் கதை அவளுக்குத் தெரியும். நான்கு வயதில் அம்மா போய்விட்டாள். பெரியம்மா வீட்டில் வளர்ந்தேன். சோற்றுக்குக் குறைவில்லை. அழுதால் மட்டும், "ஆம்பளப் புள்ள, என்ன அழுகை" என்று பெரியப்பா மாட்டுக் கொட்டகைக்கு அனுப்பிவிடுவார். அழுது முடித்தபின் வரலாம். மொட்டை மாடி எனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது.

ஆனால் சின்ன வயதில் இப்படி வளர்ந்தால் பெரிய வயதில் இப்படித்தான் என்று கோடு போட்டதுபோல் எல்லோருக்கும் அமைவதில்லை. என் அண்ணனும் அதே கொட்டகையில் அழுதவர்தான். அவர் அண்ணியிடம் எல்லாவற்றையும் கொட்டுவார். சுபாவம், வாய்க்கிற துணை, வாழ்க்கையில் நடப்பது எல்லாம் சேர்ந்து இதை மாற்றும் என்று பேராசிரியர் சொன்னார்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். ஜான் காட்மன் என்ற அமெரிக்கர், தம்பதிகளைச் சண்டை போட வைத்து நாடித்துடிப்பை அளந்தவராம். துடிப்பு நூறைத் தாண்டினால் எதிராளி சொல்வது மனசில் ஏறாது, அடங்கக் குறைந்தது இருபது நிமிஷம் ஆகும் என்பது அவர் கண்டது. அதனால் நான் தள்ளிப் போகலாம், அது எனக்குத் தேவை. ஆனால் சொல்லாமல் போகக் கூடாது. "இப்ப என்னால பேச முடியல. அரை மணியில வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். அரை மணியில் நானே வர வேண்டும். அவள் வந்து கூப்பிடும்படி வைக்கக் கூடாது. அந்த அரை மணி அவள் மாடிப்படிப் பக்கம் வரக் கூடாது.

முதல் தடவையே நான் கெடுத்தேன். அரை மணி என்று சொல்லிப் போனவன் மாடிக் காற்றில் தூங்கிவிட்டேன். காலையில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "இதுக்கு நீங்க ஒண்ணும் சொல்லாமயே போயிருக்கலாம்" என்றாள். அவள் சொன்னது சரி. நேரம் சொல்லிவிட்டு வராமல் போவது, சொல்லாமல் போவதைவிட மோசம். அவளுடைய அப்பாவைத்தான் நான் மறுபடி அவளுக்குக் காட்டினேன். அதிலிருந்து போனில் அலாரம் வைத்துக்கொண்டு போகிறேன். கோபம் தீரவில்லை என்றாலும் அலாரம் அடித்தால் இறங்கி வந்துவிடுவேன். "இன்னும் கோவம் போகல. ஆனா வந்துட்டேன்" என்பேன். பல நாள் அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. அவள் கேட்டது விளக்கம் இல்லை. நான் திரும்பி வருவேனா என்பதுதான் என்று எனக்கு அப்படித்தான் புரிந்தது.

அவள் பக்கத்திலும் தவறியது. இரண்டாம் தடவை நான் இறங்கி வந்ததும், காத்திருந்த அரை மணிக்கும் சேர்த்து ஒரே மூச்சில் கேட்டுவிட்டாள். நான் மறுபடி படியேறினேன். ஓடுகிறவன் ஒரு அடி திரும்பி வரும்போது, 'இப்பவாவது வந்தீங்களே' என்று ஒரு வார்த்தை குத்தலாக வந்தால் போதும், அடுத்த தடவை வர மாட்டான். அவளாகவே அதைக் கண்டுபிடித்து மாற்றிக்கொண்டாள். நான் வந்து உட்கார்ந்தால், முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பேச்சை எடுப்பாள். இன்னொன்றையும் மாற்றினாள். 'எங்க போனீங்க' என்று கேட்பதற்குப் பதில் 'பயந்துட்டேங்க' என்கிறாள். முதலாவதைக் கேட்டால் நான் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறேன். இரண்டாவதைக் கேட்டால், ஆச்சரியம், எனக்கு ஓடத் தோன்றுவதில்லை.

சக்கரம் நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். மாதத்துக்கு ஒரு தடவை சுற்றும். முன்பு நான்கு நாள் சுற்றியது இப்போது ஒரு சாயந்திரத்தில் முடிகிறது. சுற்ற ஆரம்பித்தால் யாராவது ஒருவருக்குத் தெரிந்துவிடுகிறது. "ஏங்க, ஆரம்பிச்சிருச்சு" என்பாள். அதில் யார் தப்பு என்ற கேள்வி இல்லாததால் எனக்கும் சிரிப்பு வந்துவிடும்.

படிக்கிற நண்பர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. 'நீ பதற்ற வகை, அதான் இப்படிக் கத்தறே' என்று இதை எடுத்து மனைவி தலையில் போடாதீர்கள். நான் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். அது மொட்டை மாடிக்குப் போவதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஓட்டம், அவ்வளவுதான். ஆண்தான் ஓடுவான், பெண்தான் துரத்துவாள் என்றும் இல்லை. கரூருக்குப் போன் அடித்த அந்த வாரம் நான்தான் துரத்தினேன், அவள்தான் எடுக்கவில்லை. அடுத்தது, குடித்துவிட்டு அடிக்கிறவனையும் பொய் சொல்லிப் பணத்தை அழிக்கிறவனையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே பெண் பதறுவது அவள் சுபாவத்தால் இல்லை, பதற வேண்டிய காரணம் இருப்பதால். அங்கே வேண்டியது பாதுகாப்பு. அரை மணி ஏற்பாடு உதவாது.

போன மாதம் பிராஸ்டேட் பரிசோதனைக்கு மறுபடி போக வேண்டியிருந்தது. வருஷா வருஷம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். முந்தின நாள் ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன். எத்தனை மணிக்கு, யார் டாக்டர், சாப்பிட்டுவிட்டுப் போகலாமா என்று பத்துக் கேள்வி கேட்டாள். ஐந்தாவது கேள்வியில் எனக்குக் கால் மாடிப்படி பக்கம் இழுத்தது. உட்கார்ந்தே பதில் சொன்னேன். மறுநாள் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தபோது, ஆஸ்பத்திரி பெஞ்சில் என் குடையையும் தண்ணீர் பாட்டிலையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முடிவு சாயந்திரம்தான் தருவார்கள் என்றேன். "சரி, இருப்போம்" என்று சொல்லி, பக்கத்தில் வைத்திருந்த பையை நகர்த்தி எனக்கு இடம் விட்டாள்.

அளவு அப்படியேதான் இருந்தது. கவலைப்பட ஒன்றுமில்லை என்றார்கள்.